பட்டாமணியம் கைமாறிய தேதி

தஞ்சை ஜில்லாவில், காவிரிக் கிளை நதி ஒன்றின் கரையில் உள்ள சிறு கிராமம் அது. என்னுடன் பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருடைய பூர்வீகம் அங்கேதான். அவருடைய பாட்டனார் அந்த ஊர்ப் பட்டாமணியம். பாட்டனாருக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார். அந்தச் சித்தப்பாவின் வம்சத்தாரும் நண்பர் குடும்பத்தாரும் மூன்று தலைமுறையாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை.

காரணம் ஒரே ஒரு கதைதான். "தகப்பனில்லாத பிள்ளையிடமிருந்து சித்தப்பா பட்டாமணியத்தைப் பறித்து ஏழு வருஷம் அநுபவித்தார்" என்று நண்பரின் வீட்டில் சொல்லிவந்தார்கள். "அந்த ஏழு வருஷமும் எங்கள் தாத்தாதான் அசல் பட்டாமணியம், பிறகு இவர்கள்தான் தட்டிக்கொண்டார்கள்" என்பது எதிர்வீட்டார் பேச்சு. சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"சார், தாத்தாவுக்கு எந்த வருஷம் வேலை வந்தது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

கேள்வி எளிது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், பரம்பரை உத்தியோகத்தில் "எப்போது வந்தது" என்பதற்கு ஒரு தேதி இல்லை, மூன்று உண்டு. முன்னவர் இறந்து இடம் காலியான நாள் ஒன்று. வாரிசு இன்னார் என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட நாள் ஒன்று. அந்த வாரிசு பொறுப்பை ஏற்றுக் கையெழுத்துப் போடத் தொடங்கிய நாள் ஒன்று. வயது வந்த மகன் இருக்கும் வீட்டில் இவை சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். மகன் சிறுவனாக இருந்தால் நடுவே வருஷங்கள் ஓடிவிடும். குடும்பக் கதைகள் குழம்புவது அங்கேதான்.

சென்னை மாகாணத்தில் 1895-ஆம் வருஷத்துப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் இதற்கு வழி வகுத்திருந்தது. வாரிசு மைனராக இருந்தால் அவன் பெயரை வாரிசாகப் பதிந்துகொண்டு, வேலையை நடத்த வேறொருவரை நியமிப்பார்கள். அவன் மேஜராகி, அதன்பின் மூன்று வருஷத்துக்குள் உத்தியோகத்துக்குரிய தகுதியைப் பெற்றால், உத்தியோகம் அவனுக்கே. ஆகவே, இடைக்காலத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டார் என்பதனாலேயே உத்தியோகம் அவருடையது என்று ஆகிவிடாது.

முதலில் கொள்ளுப்பாட்டனார் இறந்த நாளைத் தேடினோம். வீட்டில் திதி தெரியும்: ஐப்பசி மாதம், கிருஷ்ணபக்ஷ பஞ்சமி. திதி எந்த வருஷம் என்று சொல்லாது. பெட்டியிலிருந்த ஒரு குறிப்புப் புத்தகம் "காளயுக்தி வருஷம், விஷக் காய்ச்சலில்" என்றது. காளயுக்தி அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வருவது. 1858-லும் வரும், 1918-லும் வரும். பாட்டனாரின் ஜாதகம் விசுவாவசு ஆவணியில், அதாவது 1905-இல் கணித்தது. ஆதலால் 1858 அடிபட்டுப்போயிற்று. 1918-ஆம் வருஷக் கடைசியில் இன்புளூயன்ஸா ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதும் இதற்குப் பொருந்துகிறது. அக்டோபர் பிற்பகுதியில் கொள்ளுப்பாட்டனார் காலமானபோது மகனுக்கு வயது பதின்மூன்று.

அடுத்து வந்தது ஒரு சிக்கல். மகனை வாரிசாகப் பதிந்த உத்தரவின் நகல் ஒன்று பெட்டியில் இருந்தது. தேதி இருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது. "பசலி 1328" என்பது மட்டும் தெரிந்தது. குறிப்புப் புத்தகமோ அதே உத்தரவு "சித்தார்த்தி சித்திரையில்" வந்தது என்றது. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் என்று நண்பர் கற்றிருந்தார். அப்படிக் கூட்டினால் 1918 வருகிறது. சித்தார்த்தியோ 1919-இல் பிறந்தது. "இரண்டில் ஒன்று பொய்" என்றார்.

இரண்டும் மெய்தான். நம் பக்கத்துப் பசலி ஜூலை முதல் தேதி பிறந்து மறு வருஷம் ஜூன் 30-ந் தேதி முடிகிறது. 590-ஐக் கூட்டினால் கிடைப்பது பசலி தொடங்கும் வருஷம் மட்டுமே. ஜனவரி முதல் ஜூன் வரையிலான காகிதமானால் 591-ஐக் கூட்ட வேண்டும். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், அதற்கும் ஜூன் முடிவுக்கும் இடைப்பட்ட இரண்டரை மாதத்தில் பழைய பசலியும் புதிய தமிழ் வருஷமும் சேர்ந்தே நடக்கும். ஆகையால் உத்தரவு வந்தது 1919 ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில். தகப்பனார் போய் ஆறு மாதம் கழித்துப் பிள்ளை வாரிசாகப் பதிவாகியிருக்கிறான். அதே உத்தரவு சித்தப்பாவைப் பதில் வேலைக்கு நியமித்திருக்கிறது.

இனிப் பொறுப்பு கைமாறிய நாள். இதற்குக் கிஸ்து ரசீதுகள் உதவின. ரக்தாக்ஷி மாசியில், அதாவது 1925 தொடக்கத்தில் கொடுத்த ரசீதில் சித்தப்பாவின் கையெழுத்து. குரோதன தையில், அதாவது 1926 ஜனவரி வாக்கில் கொடுத்ததில் பாட்டனாரின் கையெழுத்து. கிஸ்து வசூல் வருஷத்தில் சில மாதங்களே நடப்பதால் ரசீது இதற்கு மேல் நெருங்காது. ஆனால், கிராமத்தின் ஜனன மரணப் பதிவும் பட்டாமணியத்தின் வேலையே. பிறப்புக்கும் இறப்புக்கும் பருவம் கிடையாது. தாலூகா ஆபீஸில் மனுச் செய்து பழைய புத்தகத்தைப் பார்த்தோம். 1918-இல் பக்கம் பக்கமாகக் காய்ச்சல் சாவுகளை எழுதி வந்த கொள்ளுப்பாட்டனாரின் எழுத்து திடீரென்று நிற்கிறது. அவருடைய மரணத்தை வேறொரு கை எழுதியிருக்கிறது. அது சித்தப்பாவின் கை. அந்த எழுத்து 1925 செப்டம்பர் நடுவில் நின்று, அதே பக்கத்தில் பாட்டனாரின் இளம் எழுத்து தொடங்குகிறது.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தது 1923 ஆவணியில். பிறகு இரண்டு வருஷம் சித்தப்பா ஏன் விடவில்லை? நியமன உத்தரவிலேயே விடை இருந்தது. விதித்த தகுதியைப் பாட்டனார் பெற்றதே 1925-இல்தான். சட்டம் கொடுத்த மூன்று வருஷக் கெடு 1926 ஆவணியில் தீர்ந்திருக்கும். பறிக்க நினைத்தவருக்கு இன்னும் ஒரு வருஷம் இழுத்தடித்தாலே போதும். அவர் இழுக்கவில்லை.

கோயில் தர்மகர்த்தா பதவிக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. பரம்பரை தர்மகர்த்தா காலமானால் உரிமை அடுத்த வாரிசுக்குச் செல்கிறது. நியமன உத்தரவு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆகவே அங்கே மரண தேதியே முதல் தேதி; நிர்வாகம் யார் கையில் இருந்தது என்பதைக் குத்தகைச் சீட்டுகளிலும் கணக்குகளிலும் காணலாம். நடுவே சர்க்கார் நியமித்த தக்கார் ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், பரம்பரை அறுந்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. வாரிசு மைனராக இருந்தானா, வழக்கு நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

பட்டாமணியம் உத்தியோகமே 1980-ஆம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி தமிழ்நாட்டில் ஒழிந்துவிட்டது. அந்தக் கையெழுத்துக்கு இன்று யாதொரு அதிகாரமும் இல்லை. ஆயினும் நண்பர் அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சென்ற ஐப்பசியில், கிருஷ்ணபக்ஷ பஞ்சமியன்று, இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.