‘தெரியாது’ என்பதும் ‘நடுநிலை’ என்பதும்

கருத்துக் கணிப்பில் ‘தெரியாது’ என்று சொல்ல வாய்ப்புத் தராவிட்டால், விவரம் அறியாதவர்களும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்து பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பதை அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிஷப்பும் அவருடைய குழுவினரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ‘1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?’ என்று அவர்கள் மக்களிடம் கேட்டனர். அப்படி ஒரு சட்டம் இயற்றப்பட்டதே இல்லை என்றபோதிலும், ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஏற்றோ மறுத்தோ கருத்துச் சொன்னார். இதைப் பற்றி உங்களுக்குக் கருத்து உண்டா என்று முன்கூட்டியே கேட்டுப் பிரிக்கும் வடிகட்டி வினாவைச் சேர்த்தபோது, அவ்வாறு கருத்துச் சொன்னவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

அப்படியானால் எல்லா வினாக்களிலும் ‘தெரியாது’ என்பதைச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஜான் க்ராஸ்னிக் முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அதற்குத் தடை சொல்கிறது. ‘கருத்து இல்லை’ என்ற வாய்ப்பைக் குறைந்த கல்வி பெற்றவர்களும், நீண்ட வினாத்தாளின் பிற்பகுதிக்கு வந்தவர்களும் கூடுதலாகத் தேர்ந்தெடுத்ததாகவும், அந்த வாய்ப்பைத் தந்ததால் எஞ்சிய விடைகளின் நம்பகத்தன்மை உயர்ந்துவிடவில்லை என்றும் அது கண்டது. யோசித்தால் சொல்லக்கூடிய கருத்தை உடையவரும் யோசிக்கும் உழைப்பைத் தவிர்த்துக்கொள்ள இவ்வாய்ப்பு வழிவிடுகிறது என்பதால், அறியாமையோடு சேர்ந்து உண்மையான கருத்துகள் சிலவும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

‘ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை’ என்னும் நடுப்புள்ளியின் சிக்கல் வேறு வகையானது. இதன் தீங்கு கண்ணில் படாதது என்பதால் கூடுதல் கவனத்துக்கு உரியதும் இதுவே. இரு பக்க நியாயங்களையும் எடைபோட்டு இடையில் நிற்பவருக்கு அது தேவையான இடம். அதை நீக்கினால் அவர் தமக்கில்லாத ஒரு சாய்வைக் குறிக்க நேரிடும். ஆனால் பேட்ரிக் ஸ்டர்ஜிஸும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனில், நடுவைத் தேர்ந்தவர்களிடம் துணைவினா கேட்டுப் பார்த்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு அங்கே ஒதுங்கியவர்கள் என்று தெரிந்தது.

இது கணக்கை எப்படி வளைக்கிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காணலாம். 100 பேரில் 30 பேர் ஏற்பு, 20 பேர் மறுப்பு, 50 பேர் நடுநிலை என்று வைத்துக்கொண்டு, ஏற்புக்கு +1, மறுப்புக்கு −1, நடுவுக்கு 0 என மதிப்பிட்டால் சராசரி 0.10. அந்த 50 பேரில் 40 பேர் விவரம் அறியாதவர்கள் என்று கண்டு நீக்கினால், மீதமுள்ள 60 பேரின் சராசரி ஏறத்தாழ 0.17 ஆகிறது. ‘தெரியாது’ எனத் தனியே குறித்தால் ஆய்வாளர் அதைப் பிரித்தெடுக்க முடியும். நடுப்புள்ளிக்குள் புகுந்த அறியாமையோ ஓர் எண்ணாக மாறிச் சராசரியைச் சுழியத்தை நோக்கி இழுத்துவிடுகிறது.

ஆகவே மக்களுக்கு அவ்வளவாக அறிமுகமில்லாத சட்டம் அல்லது திட்டம் பற்றிக் கேட்கும்போது வடிகட்டி வினாவை முன்வைப்பதும், அன்றாட அனுபவம் சார்ந்த வினாக்களில் அதைத் தவிர்ப்பதும் பொருத்தமாகும். நடுப்புள்ளியை வைத்திருப்பதென்றால், அதைத் தேர்ந்தவர்களிடம் ‘இரு பக்கமும் சமமாகத் தோன்றுகிறதா, இதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லையா?’ என்று மேலும் ஒரு வினா கேட்க வேண்டும். ஆனால் அவ்வாறு எல்லா வினாக்களுக்கும் கேட்டால் நேர்காணல் நீண்டு, களைப்பினால் ‘தெரியாது’ என்னும் விடைகள் பெருகும் என்பதால், முடிவு எதைச் சார்ந்திருக்கிறதோ அந்த ஓரிரு வினாக்களுக்கே துணைவினாவை ஒதுக்குவது நல்லது.