வாள் எந்தக் கையில்?

"என் கேமுக்கு ஒரு ஹீரோ வேணும், எவ்வளவு ஆகும்?" பிக்ஸல் ஓவியர்களுக்கு இப்படித்தான் பெரும்பாலும் விசாரணை வருகிறது. இதற்கு ஒரே தொகையைப் பதிலாகச் சொல்லிவிட்டால் பிறகு இருவருக்கும் மனக்கசப்புதான். ஸ்பிரைட் என்ற அந்தச் சின்னஞ்சிறு உருவத்தின் விலை, எத்தனை ஃபிரேம் வரைய வேண்டும் என்பதைப் பொறுத்தது. எண்ணிக்கையை வெளிப்படையாக எழுதுகிற பதில்தான் நல்ல பதில். உதாரணத்துக்கு:

"வணக்கம் சார். ஹீரோ 32-க்கு 32 பிக்ஸல். முன், பின், பக்கவாட்டு என மூன்று திசை வரைகிறேன். நடைக்குத் திசைக்கு 6 ஃபிரேம், நிற்பதற்கு 2. மொத்தம் 24. ஃபிரேமுக்கு 300 ரூபாய் வீதம் 7,200. உருவ வடிவமைப்புக்கு 2,000. ஆக 9,200 ரூபாய், பாதி முன்பணம்."

நான்கு திசை நடக்கும் ஹீரோவுக்கு ஏன் மூன்று திசை மட்டும்? வலப்பக்கம் பார்ப்பதைக் கண்ணாடிபோல் திருப்பினால் இடப்பக்கம் கிடைத்துவிடும். ஆனால் ஹீரோவின் வலக்கையில் வாள் இருந்தால், திருப்பியதும் அது இடக்கைக்குப் போய்விடும். அது உறுத்தினால் நான்காவது திசையையும் தனியாக வரைய வேண்டும்: 8 ஃபிரேம், 2,400 ரூபாய் கூடுதல்.

திருத்தம் பற்றிய வரிதான் மிக முக்கியம் என்பேன். "அசையாத முதல் உருவத்தில் இரண்டு முறை திருத்தம் இலவசம். நீங்கள் சம்மதம் சொன்ன பிறகே அசைவு வரைவேன். அதன்பின் வடிவம் மாறினால் ஃபிரேம் கணக்கில் கட்டணம்." இதில் கறார் ஒன்றும் இல்லை. தொப்பியின் நிறத்தை மாற்றுவது, வண்ணத்தட்டு முறையில் வரைந்திருந்தால், ஒரு நிமிட வேலை. தொப்பியை அகலமாக்கச் சொன்னால் 24 ஃபிரேமிலும் கை வைக்க வேண்டும்.

கடைசியாகக் கோப்புகள். "`hero_sheet.png`: பின்னணி இல்லாமல், 192-க்கு 128 பிக்ஸல், வரிசைக்கு 6 ஃபிரேம், 4 வரிசை. அசைவைப் பார்க்க ஒரு ஜிஃப். மூலக் கோப்பு `hero.aseprite`." ஜேபெக் வேண்டவே வேண்டாம்; அளவைச் சுருக்கும்போது விளிம்புகளில் வேண்டாத நிறங்கள் கசியும், பின்னணியும் ஒளிபுகாது. பெரிய படம் தேவை என்றால் 2, 3, 4 என முழு மடங்கில்தான் பெருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு ஆக்கினால் சில பிக்ஸல் தடித்தும் சில மெலிந்தும் முகமே கோணிவிடும். கேம் என்ஜினில் படத்தை மென்மையாக்கும் ஃபில்டரை அணைக்காவிட்டால் எல்லாம் மங்கலாகத் தெரியும். ஓவியர் மீது குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

மூலக் கோப்பு கையில் இல்லாவிட்டால் நாளை இன்னோர் ஓவியர் இதே ஹீரோவுக்குப் புது அசைவு சேர்ப்பது பெரும்பாடு. அது விலைக்குள் அடங்குமா என்பதை முன்பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.