ஒரு மாத நோட்டீஸும் கம்பி வேலியும்: இரண்டு வகைச் சுதந்திரம்

போன தவணையில் ஆறாம் படிவ மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க தாத்தா பாட்டி எஸ்டேட்டில இருந்தப்போ சுதந்திரமா இருந்தாங்களா?"

ஒரு மாணவன் உடனே சொன்னான்: "இருந்தாங்க டீச்சர். சங்கிலி போட்டா கட்டி வச்சாங்க? பிடிக்கலன்னா வேலைய விட்டுட்டுப் போயிருக்கலாமே." பின் வரிசையில் இருந்த மாணவி விடவில்லை. "எங்க போவாங்க? வீடே தோட்டத்து வீடு." அதற்குப் பிறகு அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை, விவாதம்தான் நடந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளைப் பேசினார்கள். தேர்வுத் தாள்களிலும் இதே குழப்பத்தைத்தான் பார்க்கிறேன்.

இந்த வேறுபாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் பெயர்களைப் பரவலாக்கியவர் ஐசாயா பெர்லின். 1958 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைதான் அதற்கு அடிப்படை. எதிர்மறைச் சுதந்திரம் என்பது, மற்றவர்கள் குறுக்கிடாமல் நான் செயல்படக்கூடிய இடம் எவ்வளவு என்ற கேள்விக்கான விடை. நேர்மறைச் சுதந்திரம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது: என் வாழ்க்கையை நடத்துவது யார், நானா, வேறு யாராவதா? ஒன்று வேலியின் அளவைப் பற்றியது. மற்றது எஜமான் யார் என்பதைப் பற்றியது. மாணவர்கள் கவனிக்க: 'எதிர்மறை' என்றால் கெட்டது, 'நேர்மறை' என்றால் நல்லது என்று பொருள் இல்லை. தடை 'இல்லாமை'யைச் சொல்வதால் எதிர்மறை, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து பேராவது இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

இனி தோட்டத்துக்கு வருவோம். சஞ்சிக்கூலி முறையில் வந்தவர்களுக்கு எதிர்மறைச் சுதந்திரமே கிடையாது. ஒப்பந்தக் காலம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். பிடிபட்டால் தண்டனை. மலாயாவில் அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி முறையில் வந்தவர்களின் கப்பல் செலவை முதலாளிகளிடம் வசூலித்த ஒரு பொது நிதி ஏற்றுக்கொண்டது. சட்டப்படி அவர்கள் கடனாளிகள் அல்லர். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அந்த மாணவன் சொன்னது சரிதான். வேலி பெரிதாகிவிட்டது.

ஆனால் அந்த நோட்டீஸைக் கொடுத்தால் என்ன ஆகும்? லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி, கடனுக்கு அரிசி தரும் கடை எல்லாமே தோட்டத்துக்குள்தான். தோட்டம் தனியார் நிலம் என்பதால், வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதையும் துரைதான் முடிவு செய்வார். தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் லயத்துக்கு வந்து பேசினால் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட முடியும். இதைக் கவனியுங்கள். இங்கே தொழிலாளியைத் தடுப்பது அரசாங்கத்தின் நேரடி உத்தரவு இல்லை. துரையின் சொத்துரிமை தடுக்கிறது. அந்த உரிமைக்குக் காவலாக அரசாங்கத்தின் போலீஸ் நிற்கிறது. அரசு ஒதுங்கி நின்றால் எல்லாருக்கும் சுதந்திரம் பெருகும் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரசு ஒதுங்கி நிற்கவே இல்லை. துரையின் பக்கத்தில் நின்றது.

இங்கே மாணவியின் பதிலையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 'போக வழியில்லை' என்பதாலேயே அது நேர்மறைச் சுதந்திரத்தின் குறை என்று எழுதிவிடக் கூடாது. வழியில்லாமை வேறு, சுதந்திரமின்மை வேறு என்று பெர்லின் பிரித்தே பேசினார். பணமில்லாததால் ஒருவன் பயன்படுத்த முடியாத சுதந்திரம் அவனுக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போகலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் பெயரை மாற்றிச் சொல்வதை அவர் விரும்பவில்லை. அவருக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1881இல், டி.எச்.கிரீன் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் வேறு விதமாகச் சொன்னார். பயனுள்ள ஒன்றைச் செய்யும் ஆற்றல்தான் உண்மையான சுதந்திரம். அதற்காக முதலாளியின் ஒப்பந்த உரிமையில் அரசு கை வைக்கலாம் என்பது அவர் வாதம். மாணவி பேசியது கிரீனின் மொழி. விடைத்தாளில் யாருடைய மொழியில் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கிரீனின் வாதம் மலாயாத் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்ததற்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஓர் உதாரணம். ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. முதலாளியின் எதிர்மறைச் சுதந்திரம் குறைந்தது, பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தது. நம் தமிழ்ப் பள்ளிகளில் பலவற்றின் பிறப்புக் கதை இதுதான். ஆனால் கதவு எவ்வளவு திறந்தது? பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். கட்டடமும் சம்பளமும் துரையின் கையில். எழுதப் படிக்கத் தெரிந்தாலும் அடுத்த காலை பெரட்டுக் களத்தில்தான் நிற்க வேண்டும். ஆற்றல் கொஞ்சம் கூடியது, எஜமான் மாறவில்லை.

இப்போது பெர்லினின் பயத்துக்கு வருகிறேன். 1948 ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாட்களில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விசாரணையில்லாத் தடுப்புக்காவல் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. 1950க்குப் பிறகு காட்டோரத்தில் குடியிருந்தவர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டு, சுற்றிலும் கம்பி வேலி போடப்பட்டது. என் பாட்டி சொல்வார்: "காலையில கேட்ல சோத்துச் சட்டியத் தெறந்து காட்டணும். வெறும் வயித்தோடதான் மரம் வெட்டப் போவோம்." காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக அந்தச் சோதனை.

அரசாங்கம் இதை 'அடைத்து வைக்கிறோம்' என்று சொல்லவில்லை. பாதுகாப்பு, தண்ணீர்க் குழாய், மருத்துவ நிலையம், பள்ளி, உங்கள் நன்மைக்காகத்தான் என்றது. அவற்றில் சில உண்மையாகவே கிடைத்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. பெர்லின் எச்சரித்தது இதற்கு அடுத்த படியை. 'உனக்கு எது நல்லது என்று உனக்கே தெரியாது. நீ தெளிவாக யோசித்தால் இதைத்தான் கேட்பாய். ஆகவே நாங்கள் கட்டாயப்படுத்தினாலும் நீ சுதந்திரமானவன்தான்' என்று அதிகாரம் பேசத் தொடங்கும் இடம் அது. எஜமான் நானே என்ற நல்ல எண்ணம், எனக்குள் இருக்கும் 'உண்மையான நான்' சார்பில் இன்னொருவர் ஆட்சி செய்வதாக மாறிவிடுகிறது. பாதுகாப்புக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய காலம் வரலாம். அப்போது 'விட்டுக்கொடுத்தோம்' என்றே சொல்ல வேண்டும். அதற்கும் சுதந்திரம் என்றே பெயர் வைத்தால், எவ்வளவு இழந்தோம், எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்ற கணக்கே மறந்து போகும்.

கணக்கு மறந்ததா இல்லையா என்று பாருங்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமைச்சரின் உத்தரவால் இரண்டு ஆண்டுகள் விசாரணையின்றி அடைத்து வைக்கலாம், அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அடைக்கப்பட்டவர்களில் பலர் இருந்த முகாம், நம் பேராக்கில் தைப்பிங் அருகே உள்ள கமுந்திங். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு தனிமனிதச் சுதந்திரத்தைக் காக்கிறது. 149ஆம் பிரிவு இத்தகைய சட்டங்களுக்கு விலக்குத் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பாடம் அதிலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சொஸ்மா 28 நாள் வரை தடுத்து வைக்க இடம் தருகிறது.

அப்படியானால் நேர்மறைச் சுதந்திரம் எப்போதும் ஆபத்தா? நான் அப்படி நினைக்கவில்லை. சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம். துண்டானால் லயமும் போகும். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நிர்வாகியின் கீழ்தான் வேலை என்பது மாறவில்லை. ஆனால் நிலத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

கட்டாயம் இருந்தாலே தவறு என்றும் சொல்ல முடியாது. 2003 முதல் ஆறு வயதுப் பிள்ளையைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. இது பெற்றோரின் எதிர்மறைச் சுதந்திரத்தைக் குறைக்கிறது, ஐயமில்லை. கம்பி வேலியிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? கட்டாயம் பெற்றோர் மேல், பயன் பிள்ளைக்கு. 'உன் நன்மைக்காக உன்னையே அடைக்கிறேன்' என்ற பேச்சு பெற்றோரிடம் இல்லை. எந்தப் பள்ளி என்ற தேர்வு அவர்களிடமே இருக்கிறது. சட்டம் பிடிக்காவிட்டால் வெளிப்படையாக எதிர்த்துப் பேசலாம், வாக்களித்து மாற்றலாம். வேலிக்குள் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசினால் தடுப்புக்காவல் காத்திருந்தது.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வழி. ஜெரால்ட் மெக்கல்லம் என்ற அமெரிக்கர் 1967இல் சொன்னது: சுதந்திரத்தைப் பற்றிய எந்த வாக்கியத்திலும் மூன்று இடங்களை நிரப்ப வேண்டும். யாருக்கு, எந்தத் தடையிலிருந்து, எதைச் செய்ய? விடை எழுதுமுன் ஓரத்தில் பென்சிலால் இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'தோட்டத் தொழிலாளிக்கு, ஒப்பந்தத் தண்டனையிலிருந்து, வேறு தோட்டம் போக' என்றால் 1910க்குப் பிறகு விடை 'ஆம்'. 'தோட்டத் தொழிலாளிக்கு, வீட்டை இழக்கும் பயத்திலிருந்து, துரையிடம் மறுத்துப் பேச' என்று எழுதினால் விடை மாறிவிடும். அன்றைக்கு என் வகுப்பில் அந்த இரண்டு பேரையும் கரும்பலகைக்குக் கூப்பிட்டு இதைத்தான் நிரப்பச் சொன்னேன். மாணவன் தன் வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டு, கீழே மூன்றாவதாக ஒன்றை அவனாகவே தொடங்கினான்: 'என் தாத்தாவுக்கு, கேட்டில் நின்ற...' மணி அடித்துவிட்டது.