லைவ் ஸ்கோர் உங்கள் போனுக்கு எப்படி வருகிறது? 'போலிங்', 'வெப்சாக்கெட்' - என்ன வித்தியாசம்?

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி. அகமதாபாத்தில் மே 29ஆம் தேதி இரவு தொடங்கிய ஆட்டம், மழையால் தடைபட்டு மே 30 அதிகாலையில்தான் முடிந்தது. குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக சென்னை சூப்பர் கிங்ஸ் 15 ஓவரில் 171 ரன் எடுக்க வேண்டும். மோகித் சர்மா வீசிய கடைசி ஓவரில் நான்கு பந்து முடிந்தபோது ஸ்கோர் 161/5. மீதம் இரண்டு பந்து, தேவை 10 ரன். ஜடேஜா ஐந்தாவது பந்தில் சிக்ஸரும் ஆறாவது பந்தில் பவுண்டரியும் அடித்தார். கோப்பை சென்னைக்கு.

இப்படி ஒரு ஆட்டத்தை எல்லோரும் வீடியோவில் பார்ப்பதில்லை. டேட்டா குறைவாக இருப்பவர்கள், பயணத்தில் இருப்பவர்கள், வேலைக்கு நடுவே எட்டிப் பார்ப்பவர்கள் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாமலேயே 161 என்பது 167 ஆகிறது, 171 ஆகிறது. அது எப்படி மாறுகிறது? சில நேரம் ஏன் தாமதமாகிறது? சில நேரம் ஏன் அப்படியே உறைந்து நிற்கிறது?

இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று போலிங், இன்னொன்று வெப்சாக்கெட். (பந்து வீசும் பவுலிங் வேறு, இந்தப் போலிங் வேறு.)

போலிங் என்றால் என்ன?

சாதாரணமாக ஒரு இணையதளம், நாம் கேட்டால்தான் பதில் சொல்லும். கேட்காமல் தானாக எதையும் அனுப்பாது. அதனால் ஸ்கோர் பக்கம் ஒரு எளிய வேலை செய்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சர்வரிடம் போய், "ஸ்கோர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வந்த பதிலைத் திரையில் காட்டுகிறது. அவ்வளவுதான் போலிங்.

10 வினாடிக்கு ஒருமுறை கேட்கும் கோட் இவ்வளவு சின்னது:

```js
setInterval(async () => {
  const r = await fetch("/score.json");
  show(await r.json());
}, 10000);
```

கடைசியில் இருக்கும் 10000 என்பது மில்லி வினாடி, அதாவது 10 வினாடி. `show` என்பது ஸ்கோரைத் திரையில் எழுத நாம் தனியாக எழுதி வைக்கும் பகுதி.

இதில் என்ன சிக்கல்?

கிரிக்கெட்டில் ஸ்கோர் ஒவ்வொரு வினாடியும் மாறுவதில்லை. ஒரு ஓவருக்குச் சுமார் நான்கு நிமிடம் என்று வைத்தால், ஒரு பந்துக்கு 40 வினாடி. 10 வினாடிக்கு ஒருமுறை கேட்டால், ஒரு பந்துக்கு நான்கு முறை கேட்கிறோம். அதில் மூன்று முறை சர்வர் சொல்லும் பதில், "இன்னும் மாறல" என்பதுதான்.

சரி, வீண் கேள்வியைக் குறைக்க ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால்? அப்போது ஜடேஜாவின் சிக்ஸரே திரையில் வராமல் போகலாம். ஒரு முறை கேட்டபோது 161, அடுத்த முறை கேட்டபோது 171. நடுவில் இருந்த 167 காணவே காணோம்.

அப்போ 2 வினாடிக்கு ஒருமுறை கேட்கலாமா? ஒருவர் கேட்டால் பிரச்சினை இல்லை. 10 லட்சம் பேர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால், வினாடிக்கு 5 லட்சம் கேள்விகள் வரும். அதில் பெரும்பாலானவற்றுக்குப் பதில், மறுபடியும் "மாறல".

ஆக, போலிங்கில் தாமதமும் சுமையும் தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும்.

வெப்சாக்கெட் என்ன செய்கிறது?

வெப்சாக்கெட்டில் போன் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. முதலில் ஒரே ஒருமுறை சர்வரைத் தொடர்பு கொண்டு, "இந்த இணைப்பைத் திறந்தே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறது. சர்வர் சம்மதித்தால் `101 Switching Protocols` என்று பதில் அனுப்பும். அதன் பிறகு அந்த இணைப்பு, வைக்காத போன் கால் மாதிரி திறந்தே இருக்கும். புதிய ஸ்கோர் வந்ததும் சர்வரே அனுப்பிவிடும்.

இந்த முறைக்கான விதிகள் 2011 டிசம்பரில் RFC 6455 என்ற பெயரில் வெளியாகின. இன்று புழக்கத்தில் இருக்கும் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இது வேலை செய்யும்.

```js
const ws = new WebSocket("wss://example.com/live");
ws.onmessage = (e) => show(JSON.parse(e.data));
```

10 லட்சம் பேர் கணக்கையே மறுபடி பார்ப்போம். 10 வினாடி போலிங்கில், ஒரு பந்துக்கான 40 வினாடியில் 40 லட்சம் கேள்வியும் 40 லட்சம் பதிலும் போய்வரும். வெப்சாக்கெட்டில் அதே பந்துக்கு 10 லட்சம் செய்திகள் மட்டும். அந்தச் செய்தியும் சின்னது. போலிங்கில் ஒவ்வொரு கேள்வியோடும் பதிலோடும் முகவரி, பிரவுசர் விவரம் போன்ற கூடுதல் தகவல்கள் ஒட்டிக்கொண்டு வரும். வெப்சாக்கெட்டில் சர்வர் அனுப்பும் சிறிய செய்திக்கு, அதன் விதிப்படி சேரும் தலைப்பு வெறும் 2 பைட்.

அப்போ வெப்சாக்கெட்தான் சிறந்ததா?

கேட்க அப்படித்தான் தோன்றும். ஆனால் திறந்த இணைப்பைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.

சென்னையில் இருந்து திருச்சிக்கு ரயிலில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் தாண்டி, பெண்ணாடம் வழியாக அரியலூர் நோக்கி ரயில் போகிறது. வழியெங்கும் போன் ஒரு டவரில் இருந்து இன்னொரு டவருக்கு மாறுகிறது. வயல்வெளியில் எங்காவது சிக்னல் போகிறது. பெண்ணாடம் வந்ததும் சிக்னல் திரும்புகிறது. ஆனால் முன்பு திறந்து வைத்த இணைப்பு அறுந்திருக்கலாம்.

இதில் ஆபத்து என்னவென்றால், இணைப்பு அறுந்தது போனுக்கும் தெரியாது, சர்வருக்கும் உடனே தெரியாது. திரையில் 161/5 என்று அழகாகத் தெரிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர், "அடுத்த பந்து இன்னும் போடல போல" என்று நினைப்பார். உண்மையில் ஆட்டமே முடிந்திருக்கும்.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கோர் மாறாவிட்டாலும் 20 வினாடிக்கு ஒருமுறை சர்வர் ஒரு சின்னச் செய்தி அனுப்ப வேண்டும். "லைன்ல இருக்கேன்" என்பது மட்டுமே அதன் பொருள். 30 வினாடியாக எதுவுமே வரவில்லை என்றால், பக்கம் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாக இணைய வேண்டும். அந்த இடைவெளியில் "மீண்டும் இணைக்கிறோம்" என்று திரையில் காட்டுவது பார்வையாளருக்குச் செய்யும் நேர்மை.

6 ரன் தொலைந்தால் கோப்பையே மாறும்

புதிதாக ஸ்கோர் பக்கம் உருவாக்குபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. செய்தி சின்னதாக இருக்கட்டும் என்று, முழு ஸ்கோரை அனுப்பாமல் "+6", "+4" என்று மாற்றத்தை மட்டும் அனுப்புவார்கள்.

நம் ரயில் பயணியின் போனில் 161/5 இருக்கிறது. ஐந்தாவது பந்து வீசப்படும்போது சிக்னல் இல்லை. "+6" அவருக்கு வந்து சேரவில்லை. இணைப்பு திரும்பியதும் கடைசிப் பந்தின் "+4" வருகிறது. போன் கூட்டிப் பார்த்து 165/5 என்று காட்டுகிறது. இலக்கு 171. அவர் போன் கணக்குப்படி சென்னை தோற்றுவிட்டது!

போலிங்கில் இந்தத் தவறு வராது. ஒவ்வொரு பதிலிலும் முழு ஸ்கோர் இருப்பதால், நடுவில் எத்தனை பதில் தொலைந்தாலும் அடுத்த பதில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். மோசமான நெட்வொர்க்கில் போலிங்கின் பெரிய பலமே இதுதான்.

வெப்சாக்கெட்டிலும் அந்தப் பலத்தைக் கொண்டுவரலாம். மாற்றத்தை அனுப்பாமல் முழு ஸ்கோரையே அனுப்ப வேண்டும். அதோடு ஒரு வரிசை எண்ணும் வேண்டும்:

```json
{"seq": 95, "over": "14.5", "score": "167/5"}
```

முந்தைய செய்தி 94, இப்போது வந்தது 96 என்றால், ஒன்று தவறிவிட்டது என்று பக்கத்துக்குப் புரியும். உடனே முழு விவரத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இணைப்பு அறுந்து திரும்பும்போதும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தால்?

இன்னொரு சிக்கல் சர்வர் பக்கம். 10 லட்சம் திறந்த இணைப்புகளைப் பல சர்வர்கள் பிரித்துத் தாங்குகின்றன. அதில் ஒரு சர்வர் நின்றால், அதில் இருந்த எல்லா போன்களும் ஒரே நொடியில் மற்ற சர்வர்களின் கதவைத் தட்டும். அந்த நெரிசலில் அடுத்த சர்வரும் விழலாம்.

அதனால் இணைப்பு அறுந்ததும் எல்லா போனும் உடனே ஓடக் கூடாது. ஒன்று 1 வினாடி, ஒன்று 4 வினாடி, ஒன்று 7 வினாடி என்று ஆளுக்கொரு நேரம் காத்திருந்து இணைய வேண்டும். அப்போதும் கிடைக்கவில்லை என்றால், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

போலிங்கில் கூட்டத்தைச் சமாளிப்பது சுலபம். எல்லோரும் கேட்பது ஒரே ஸ்கோர்தான் என்பதால், பதிலை 2 வினாடிக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி இடைநிலை சர்வர்களிடம் சொல்லலாம். வருகிறவர்களுக்கு அவையே நகலைக் கொடுத்துவிடும். உண்மையான சர்வர் வரை வரும் கேள்விகள் சொற்பமாகிவிடும்.

எந்த இடத்துக்கு எது?

செய்திப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஸ்கோர் காட்டினால் போதும், 10 வினாடி தாமதம் பரவாயில்லை என்றால், போலிங்கே போதும். உள்ளூர் டோர்னமென்ட்டுக்கு ஸ்கோர் பக்கம் போடுபவர்களுக்கும் அதுதான் பொருந்தும். எழுதுவது எளிது, உடைந்தாலும் தானாகச் சரியாகும்.

பந்துக்குப் பந்து உடனடி அப்டேட் வேண்டும், ரசிகர்களின் சாட், வாக்கெடுப்பு எல்லாம் அதே பக்கத்தில் ஓட வேண்டும் என்றால் வெப்சாக்கெட் வேண்டும். அப்போதும் இணைப்பு கிடைக்காதவர்களுக்காகப் போலிங்கைப் பின்னணியில் தயாராக வைத்திருப்பது நல்லது. ஸ்கோர் மட்டும் சர்வரில் இருந்து போனுக்கு ஒரு வழியாக வந்தால் போதும் என்றால், `EventSource` என்ற மூன்றாவது வழியும் உண்டு. இணைப்பு அறுந்தால் அதுவே மறுபடி இணைந்துகொள்ளும்.

எந்த வழியாக இருந்தாலும், மைதானத்தில் ஸ்கோர் பதிவு செய்பவர் பட்டனை அழுத்திய பிறகுதான் செய்தியே பிறக்கிறது. அவர் 5 வினாடி தாமதித்தால், அந்த 5 வினாடியை வெப்சாக்கெட்டாலும் மீட்க முடியாது.

நீங்கள் பார்க்கும் தளம் எந்த வழியில் இயங்குகிறது என்று தெரிய வேண்டுமா? கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து F12 அழுத்துங்கள். `Network` பகுதிக்குப் போய்ப் பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். ஒரே பெயர் சீரான இடைவெளியில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போனால் அது போலிங். `101` என்ற எண்ணோடு ஒரே ஒரு வரி நின்று, அதைக் கிளிக் செய்தால் `Messages` பகுதியில் ஸ்கோர் வந்து விழுந்தால் அது வெப்சாக்கெட்.