கால் எங்கே தொடங்குகிறது?

உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அளவுக்கே உயரமாகத் தெரியும் சிலர், எழுந்து நின்றால் இரண்டு அங்குலம் குறைந்துவிடுவார்கள். உயரம் உடம்பின் மேல்பாதியில் சேர்ந்து, கால் சற்றுக் குட்டையாக அமைந்த உடல்வாகு அது. இவர்கள் ‘ஹை வெயிஸ்ட்’ என்று அட்டை தொங்கும் ஜீன்ஸை நம்பி வாங்குகிறார்கள். போட்டுப் பார்த்தால் அது தொப்புளுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

பேன்ட்டின் முன்பக்கம், தொடையிடுக்குத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை உள்ள நீளத்துக்கு ‘ரைஸ்’ என்று பெயர். மேலுடல் நீண்டவர்களுக்கு இந்த இடைவெளியும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதனால் மற்றவர்களுக்கு உயரமான பட்டி இவர்களுக்கு நடுத்தரம்தான்.

சொந்த அளவை எடுப்பது சுலபம். பக்கவாட்டில் குனிந்தால் இடுப்பு மடியும் இடத்தில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாடாவிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளக்க வேண்டும். 5 அடி 2 அங்குல உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது 10½ அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க வளைவுக்கும் தளர்வுக்கும் சுமார் ஓர் அங்குலம் சேர்த்தால் அவருக்குத் தேவை 11½. கடை ஜீன்ஸில் 10 இருந்தால் பட்டி இடையை எட்டாது. இழுத்து ஏற்றினால் தொடையிடுக்கில் கோடுகோடாகச் சுருக்கம் விழும், உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கும்.

எதிர்த்தவறும் உண்டு. ரைஸ் தேவைக்கு மீறினால் தொடையிடுக்குத் தையல் கீழே தொங்கி, காலின் உள்நீளத்தைத் தின்றுவிடும். பட்டி இடையிலும் தையல் உடம்பை ஒட்டியும் இருந்தால்தான் கால் நீண்டு தெரியும். பட்டி சரியாக அமைந்த பிறகும் சட்டையை வெளியே விட்டால் அத்தனையும் மறைந்துபோகும். முன்பக்கத்தையாவது உள்ளே செருக வேண்டும். பெல்ட்டின் நிறம் பேன்ட்டோடு சேரட்டும்.

குர்த்தியில் இதே வேலையைப் பக்கவாட்டு ஸ்லிட் செய்கிறது. அது தொடங்கும் இடத்தைத்தான் பார்ப்பவர் கண் காலின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. தையற்காரரிடம் சொல்லி இரண்டு அங்குலம் மேலே ஏற்றினாலே வித்தியாசம் தெரியும். மேலுடலும் காலும் சரிபாதியாகப் பிரியும்படி இடுப்பெலும்புக்குக் கீழே முடியும் டாப்தான் இவர்களுக்கு மிகவும் பொருந்தாதது.

கீழ்விளிம்பில் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடியும் கேப்ரி காலை இரண்டாக வெட்டிக் காட்டும், மடித்துவிட்ட விளிம்பும் அப்படியே. கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே முடிவது, அல்லது செருப்பின் மேற்புறத்தைத் தொடுவது, இரண்டும் நல்லவை. நீளமான பேன்ட்டை எந்தச் செருப்போடு அணியப் போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

புடவைக்கும் அதே விதி. செருப்பை முதலில் மாட்டிக்கொண்டு, உள்பாவாடை நாடாவைத் தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேலே கட்டினால் கொசுவம் அங்கிருந்தே இறங்கும். இந்த உடல்வாகில் ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிவதால், ரவிக்கை நீளத்தையும் ஓர் அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லலாம்.