பில் இழுக்கும்போது யாரைக் கூப்பிடுவது? கல்லாப் பக்கத்தில் ஒட்ட ஒரு தாள்

பில் போடும் சாப்ட்வேர் மெதுவானால் பல கடைகளில் நடப்பது இரண்டுதான். ஒருவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார். இன்னொருவர் கைக்குக் கிடைத்த நம்பருக்குப் போன் செய்து "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்பார். அந்த ஒரு வரியை வைத்து மறுமுனையில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. நெட் ஆள் சாப்ட்வேர்காரரைக் கையைக் காட்டுவார், சாப்ட்வேர்காரர் கேபிள்காரரைக் காட்டுவார். அதற்குள் வரிசை வாசல் வரை நீண்டுவிடும்.

போன் செய்வதற்கு முன் ஊழியர்கள் இரண்டே கேள்விகளுக்கு விடை பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் பெருமளவு குறையும். அதற்கு முதலில் கடைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கு கவுண்டர் உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். பொருள், விலை, இருப்பு எல்லாம் உள் அறையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அதுதான் சர்வர். கவுண்டரில் சோப்பை ஸ்கேன் செய்தால், அந்த எண் கேபிள் வழியாக, சுவிட்ச் என்ற சிறு பெட்டியைக் கடந்து சர்வருக்குப் போய், பெயரோடும் விலையோடும் திரும்பி வருகிறது. இந்தப் பாதையில் இன்டர்நெட்டுக்கு வேலையே இல்லை. யுபிஐ, கார்டு மெஷின், வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி ஆகியவற்றுக்குத்தான் நெட் வேண்டும். பிரவுசரில் திறந்து பில் போடும் கிளவுட் சாப்ட்வேர் வைத்திருக்கும் கடைகளுக்கு மட்டும் கதை வேறு. அங்கே நெட் இழுத்தால் பில்லும் இழுக்கும்.

முதல் கேள்வி: ஒரு கவுண்டரா, எல்லாக் கவுண்டருமா? பக்கத்துக் கவுண்டரில் ஒரு பொருளை ஸ்கேன் செய்து பார்த்து, சேமிக்காமல் நீக்கிவிடலாம். அங்கே சட்டென்று வந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. எல்லா இடத்திலும் இழுத்தால் சர்வரையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த இடத்தில் இழுக்கிறது? ஸ்கேன் செய்தும் பொருளின் பெயர் வரவில்லை என்றால், Notepad திறந்து அதில் ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். எண் உடனே விழுந்தால் ஸ்கேனர் நன்றாக இருக்கிறது, தாமதம் அதற்குப் பிறகுதான். பெயர் உடனே வந்து, பில்லைச் சேமிக்கும்போது மட்டும் நின்றால், சர்வர் எழுதத் திணறுகிறது. பில் சேமித்தாகிவிட்டது, தாள் மட்டும் வரவில்லை என்றால் அது பிரின்டரின் வேலை. பணம் வந்த ஓசை மட்டும் கேட்கவில்லை என்றால் அது நெட் அல்லது வங்கியின் விஷயம். பில் சாப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் மளிகைக் கடையில் தினமும் மாலை 7 மணிக்கு நான்கு கவுண்டரும் திணறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பில் சேமிக்க அரை நிமிடம் ஆகிறது. முக்கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. எல்லாக் கவுண்டரிலும் இழுப்பதால் ஒரு கேபிளின் தவறு அல்ல. யுபிஐ ஓசை நேரத்துக்குக் கேட்பதால் நெட்டும் அல்ல. அடுத்து, கவுண்டரில் கட்டளைத் திரையைத் திறந்து சர்வரின் எண்ணை இப்படி அடித்துப் பார்க்கிறார்கள்:

```
ping 192.168.1.10
```

இந்த எண் கடைக்குக் கடை மாறும், ஆகவே உங்கள் கடையின் எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கேபிளில் இணைந்த கடைகளில் `time<1ms` என்று நான்கு வரி வந்தால் பாதை சீராக உள்ளது. `Request timed out` என்று நடுநடுவே வந்தால் கேபிள் முனையோ சுவிட்சோ சந்தேகத்துக்குரியது. இங்கே நான்கு வரியும் ஒழுங்காக வருகின்றன.

மிஞ்சியது சர்வர். அதில் `Ctrl + Shift + Esc` அழுத்தினால் Task Manager திறக்கும். `Disk` என்ற தலைப்பின் மேல் 100% என்று அசையாமல் நிற்கிறது. அந்தத் தலைப்பைச் சொடுக்கியதும், அதிகம் உழைக்கும் நிரல் மேலே வந்து நிற்கிறது: பேக்கப். கணக்கு முழுவதையும் பிரதி எடுக்கும் வேலையை, யாரோ எப்போதோ மாலை 7 மணிக்கு அமைத்திருக்கிறார்கள். கூட்டம் கூடும் நேரத்தில் வன்தட்டு இரண்டு வேலைக்கு ஓடுகிறது.

இந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பினால் சாப்ட்வேர்காரருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. கடை மூடிய பின் இரவு 10.30-க்கு அதை மாற்றிவிடலாம். ஆனால் பேக்கப் முடியும் வரை சர்வரை அணைக்கக் கூடாது; கடை பூட்டுபவருக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். ஊழியர்கள் தாங்களாகவே பேக்கப்பைப் பாதியில் நிறுத்துவதும் கூடாது. வன்தட்டு பழுதானால் கடையின் கணக்கு மிஞ்சுவது அந்தப் பிரதியில்தான்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வந்து போகாமல், மாதக்கணக்கில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானால் காரணம் வேறு. பழைய பில்கள் குவிந்திருக்கலாம், சர்வரின் C டிரைவில் இடம் தீர்ந்திருக்கலாம். இதை அவசரத்தில் தொட வேண்டாம். சாப்ட்வேர்காரரை ஓய்வான நாளில் வரச் சொல்லுங்கள்.

கூட்டத்தின் நடுவே ஊழியர்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, சேமிக்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. திரை உறைந்தது போலத் தெரிந்தாலும் முதல் அழுத்தலே பதிவாகியிருக்கலாம். பிறகு ஒரே சரக்குக்கு இரண்டு பில் விழும், இருப்பும் இரண்டு முறை குறையும். கடைசி பில் எண்ணைப் பட்டியலில் பார்த்துவிட்டு அடுத்த முறை அழுத்துங்கள்.

பத்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் கை பில் புத்தகத்தை எடுக்கலாம். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண்கள் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆகவே கை பில்லுக்கு முன்னால் ஓர் எழுத்துப் போட்டுத் தனி வரிசை தொடங்கிவிட்டால் குழப்பம் வராது.

இன்னொன்று: அவசரத்தில் கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். போலி நம்பர்களும் அங்கே உலவுகின்றன. கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் அனுமதி எண்ணை, தாளில் உள்ள நம்பருக்கு நாமே போன் செய்து பேசியவருக்கு மட்டும், முதலாளியிடமோ மேலாளரிடமோ சொல்லிவிட்டுத் தர வேண்டும்.

கல்லாப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள் இது. கோடிட்ட இடங்களை இன்றே நிரப்பிவிடுங்கள்.

பில் இழுத்தால்

1. மணி என்ன? எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கவுண்டரிலும் இழுக்கிறதா?
2. எங்கே நிற்கிறது: ஸ்கேன், சேமிப்பு, பிரின்ட், பணம்?
3. சர்வர் எண் ______. `ping` செய்து பாருங்கள்.
4. திரையில் பிழைச் செய்தி இருந்தால் மூடும் முன் படம் எடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

- ஒரு கவுண்டர் மட்டும், அல்லது `Request timed out`: கம்ப்யூட்டர், கேபிள் பார்ப்பவர் ______
- எல்லாக் கவுண்டரும், `ping` சரி: சாப்ட்வேர்காரர் ______, வாடிக்கையாளர் எண் ______
- பில் சேமித்தாயிற்று, தாள் வரவில்லை: பேப்பர் ரோல், யுஎஸ்பி கேபிள் பார்த்த பின் பிரின்டர் சர்வீஸ் ______
- யுபிஐ, கார்டு மட்டும் நிற்கிறது: செல்போன் டேட்டாவில் வேலை செய்தால் நெட் கம்பெனி ______, அதிலும் இல்லை என்றால் வங்கி ______

செய்யக் கூடாதவை: சர்வரின் சுவிட்சை அணைப்பது, சேமிப்பை இருமுறை அழுத்துவது, பேக்கப்பை நிறுத்துவது, தாளில் இல்லாதவருக்கு அனுமதி எண் தருவது.

10 நிமிடம் தாண்டினால்: கை பில் புத்தகம். இருக்கும் இடம் ______