தேர்நெலை சேர்ந்தாச்சு சாமியோய்!

என் அண்ணன் மகளுக்குக் காரமடையில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ‘சங்கீத்’ வைத்தே தீர வேண்டும் என்று இளவட்டங்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஆட்டத்துக்குச் சினிமாப் பாட்டு இருக்கிறது. நடுவில் பொண்ணு மாப்பிள்ளையைக் கேலி பண்ணி ஒரு சின்ன நாடகம், அதற்கு நாமே கட்டிய பாட்டு. அந்தப் பாட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

சங்கீத் பஞ்சாபிலிருந்து வந்த வழக்கம்தான். ஆனால் கல்யாண வீட்டில் கேலி பாடுவது எங்கும் உள்ளது. பஞ்சாபில் மாப்பிள்ளை வீட்டாரை வம்புக்கு இழுத்துப் பெண்கள் பாடும் பாட்டுக்குச் சித்னியான் என்று பெயர். அவத், போஜ்புரிப் பக்கம் அதையே காரி என்பார்கள். சீதை கல்யாண விருந்தில் தசரதன் சாப்பிடும்போது ஜனகபுரத்துப் பெண்கள் காரி பாடியதைத் துளசிதாசர் எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் நலங்கில் சம்பந்தி வீட்டை ஏசிப் பாடுவது உண்டு. கொங்குக் கல்யாணத்தில் கம்பர் பாடியதாகச் சொல்லும் மங்கல வாழ்த்து வாழ்த்து மட்டுமே, அதில் கேலிக்கு இடமில்லை. கேலி வேண்டுமென்றால் இங்கே கும்மிக்குத்தான் போக வேண்டும்.

வள்ளி கும்மியின் கதையே மாப்பிள்ளையைக் கேலிக்கு ஆளாக்கும் கதைதான். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டுத் தின்றுவிட்டு விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறான். கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்தால்தான் காரியம் ஆகிறது. சூரனை வென்றவன் ஒரு தினைப்புனக்காரியிடம் இத்தனை பாடு படுகிறான். அதைப் பாடிச் சிரிக்கிறவர்கள்தான் அவனைச் சாமி என்று கும்பிடவும் செய்கிறார்கள். காரமடை வட்டாரத்தில் வள்ளி ஒயில் கும்மியை ஊர் ஊராகக் கற்றுக் கொடுத்து, ஆண்களே ஆடிவந்த அந்த ஆட்டத்தில் பெண்களையும் இறக்கிய பத்திரப்பன் வாத்தியாருக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய மண்ணில் கேலிப்பாட்டுக்குச் சினிமா மெட்டைத் தேடி அலைய வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. கும்மி மெட்டிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

எழுதத் தொடங்கினால் மெட்டில் உட்காரவில்லை. பொண்ணின் அம்மிச்சிக்குக் கும்மி தெரியும். கையைத் தட்டிக்கொண்டே கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். சந்தம் தானன தானன என்று போகும். ஒரு சீருக்கு மூன்று எழுத்து. புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்பாதியில் நான்கு சீர், பின்பாதியில் மூன்று சீர். எட்டாவது சீருக்குச் சொல் கிடையாது. அந்த இடத்தில் ஏழாவது சீர் இழுபட்டு நிற்கும். ஆக ஓர் அடிக்கு இருபத்தொன்று எழுத்து. “இழுக்கற எடத்துல வாய் தொறந்திருக்கோணும் கண்ணு, மூடற எழுத்த வெச்சீனா பாட்டு செத்துப் போயிரும்” என்றார். அதாவது கடைசிச் சீரில் ஒரு நெடில் வர வேண்டும். சினிமா மெட்டுக்கு எழுதினாலும் இதே கணக்குத்தான். மூலப் பாட்டில் பாடகர் எங்கே இழுக்கிறாரோ அங்கே உங்கள் சொல்லிலும் நெடில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடுகிற பிள்ளை திணறும், கேட்கிறவருக்குச் சொல் புரியாது. சொல் புரியாத கேலிக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றி என்ன எழுதுவது? அவருடைய தங்கையைக் கேட்டேன். “எங்கண்ணன் வந்துட்டேனுங்கன்னு போன்ல சொன்னா, இன்னும் குளிக்கவே போகலைன்னு அர்த்தமுங்க” என்றாள். அது போதும். முதலில் எழுதிய பின்பாதி இது: “வாசலைத் தாண்டறதுக்குள்ள விடிஞ்சிரும்.” படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று எழுத்து. ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்றைத் திணித்தால் கும்மியடிக்கிற கை நின்றுவிடும். மனசில்லாமல் அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

வந்துட்டே னுங்கன்னு சொன்னாக்கா மாப்பிள்ளை –
வாசலைத் தாண்டவே மாட்டாரு
பந்திக்கு மட்டுந்தான் முந்தியே வாராரு –
பாயாச வாளிமுன் நிப்பாரு

வந்து, பந்தி, முந்தி என்று எதுகை தானாக வந்து விழுந்தது. பாயாச வாளியில் கூட்டம் சிரிக்கும் என்று எழுதும்போதே தெரிந்தது. தாமதக்காரர் என்று சொல்வது குற்றச்சாட்டு. பாயாச வாளி முன்னால் அவரை நிறுத்தினால் அது காட்சி. கேலிப்பாட்டில் முதல் பாதி பழக்கத்தைச் சொல்ல வேண்டும், இரண்டாம் பாதி கண்ணில் தெரிகிற ஒரு பொருளில் போய் நிற்க வேண்டும். வாளி, பூட்டு, செருப்பு, டிபன் கேரியர் எதுவாகவும் இருக்கலாம்.

பொண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்வாள்.

பூட்டுனோ மான்னொரு சந்தேகம் வந்தாக்கா –
போனவ வீட்டுக்கே வந்துட்டா
கேட்டையும் ஆட்டுனா கேஸையும் பாத்துட்டா –
காருக்குள் ஏறிட்டு யோசிச்சா

‘யோசிச்சா’ என்ற இடத்தில் பாட்டை நிறுத்தி, நடிக்கிற பிள்ளை ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காரிலிருந்து இறங்க வேண்டும். அங்கே சொல் தேவையில்லை, எட்டாவது சீரின் வெற்றிடமே போதும்.

இந்த இரண்டு கண்ணியையும் எழுதிய பிறகுதான் மூன்றாவது கண்ணி தெரிந்தது. கிளம்பவே மாட்டாத ஒருவர், கிளம்பினாலும் திரும்பி வருகிற ஒருத்தி. இரண்டு பேரும் சேர்ந்தால் எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேருவார்கள்? தனித்தனியாகக் கேலி செய்து நிறுத்திவிட்டால் அது இரண்டு குறைகளின் பட்டியல். இரண்டு பழக்கமும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அவர்கள் ஜோடி ஆகிறார்கள். காரமடைக்காரர்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் என்றால் ஒன்றுதான், மாசி மகத்தில் அரங்கநாதர் தேர்.

தேரோட்டம் பாக்கத்தான் ரெண்டாளும் போனாங்க –
தேர்நெலை சேர்ந்தாச்சு சாமியோய்
ஊருக்குள் வந்தப்போ கூட்டமே இல்லீங்க –
உக்காந்து பேசட்டும் சாமியோய்

கடைசி அடிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தேரையும் கோட்டைவிட்டார்கள் என்று முடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கூட்டம் கலைந்த தேர்வீதியில் இரண்டு பேரை உட்கார வைத்ததும் கேலி வாழ்த்தாக மாறியது.

எழுதி அடித்ததையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு முப்பத்து நான்கு வயது. எத்தனை தரகர், எத்தனை ஜாதகம் என்று மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒரு கண்ணி கட்டி வைத்திருந்தார்கள். சந்தம் சுத்தமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. கொங்குப் பக்கத்தில் பெண் கிடைக்காமல் பையன்கள் வயசு ஏறி நிற்பது பல வீடுகளில் இருக்கிற ரணம். அந்தப் பந்தலிலேயே அப்படி நான்கு பையன்களும் அவர்களுடைய அம்மாக்களும் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை சிரித்துவிடுவார், அந்த அம்மாக்கள் சிரிக்க மாட்டார்கள். அதனால் வேண்டாம் என்று சொன்னேன். நிறம், உடம்பு, சம்பளம், போட்ட நகை, பழைய பழக்கம், இவை எதையும் தொடவில்லை. நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான். அந்த ஆளே தன்னைப் பற்றி இதைச் சொல்லி எப்போதாவது சிரித்திருக்கிறாரா? சிரித்திருந்தால் எழுதலாம். ஊர் மட்டும் சிரித்திருந்தால் எழுதக் கூடாது.

இன்னொன்று, யார் பாடுவது. மாப்பிள்ளையைப் பற்றிய கண்ணியை அவருடைய தங்கைகள்தான் பாடினார்கள். பொண்ணைப் பற்றியதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாடினார்கள். இதை மாற்றிக் கொடுத்திருந்தால், “பூட்டுனோமான்னொரு சந்தேகம்” என்ற அதே சொற்கள் மாப்பிள்ளை வீட்டார் வாயில் மருமகள் மேல் வைத்த குறையாகக் கேட்டிருக்கும். அவரவர் ஆளை அவரவர் கேலி பண்ணினால் எதிர்ப்பக்கம் தைரியமாகச் சிரிக்கும். மூன்றாவது கண்ணியை இரண்டு வீட்டாரும் சேர்ந்து பாடினார்கள். பாடுவதற்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மாவிடமும் என் அண்ணியிடமும் மூன்று கண்ணியையும் படித்துக் காட்டியிருந்தேன். அண்ணி ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன்.

மேடையில் ஒரு தப்பு நடந்தது. முதல் கண்ணிக்கு மேளமும் கீபோர்டும் முழுச் சத்தத்தில் ஓடின. பாயாச வாளி யார் காதிலும் விழவில்லை. அம்மிச்சி எழுந்து கையை உயர்த்தி, வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கைத்தட்டோடு முதலில் இருந்து பாடச் சொன்னார். முன்பாதியைப் பிள்ளைகள் பாட, பின்பாதியைக் கூட்டம் திருப்பிப் பாடியது. அதன் பிறகு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. “சாமியோய்” வரும்போது பந்தியில் இருந்தவர்களும் இலையை விட்டுவிட்டுக் குரல் கொடுத்தார்கள். மாப்பிள்ளையே எழுந்து போய்ப் பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

உங்கள் வீட்டில் அடுத்த முகூர்த்தம் வருகிறது என்றால், பாட்டு எழுத உட்காரும் முன் கும்மி தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் கை தட்டிப் பாடுவதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மிச்சி பாடியது என்னிடம் பதினொரு நிமிடம் இருக்கிறது.